ஒரே திருவிழாவுக்கு நான்கு பதிவுகள்: நம் பதிவே நம் பதிவுக்குப் போட்டியாகும்போது

மதுரையைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களுக்குப் பங்குனி முடியும்போதே ஒரு வேலை வந்துவிடும். மீனாட்சி திருக்கல்யாணம் என்றைக்கு, தேர் என்றைக்கு, எதிர்சேவை எங்கே, அழகர் ஆற்றில் இறங்குவது எந்த நாள் என்று ஒரு பதிவு போட்டாக வேண்டும். போன வருடப் பதிவைத் திறந்து, அதிலிருந்து நகலெடுத்து, தேதிகளை மட்டும் மாற்றி, தலைப்பில் புது வருடத்தைப் போட்டு வெளியிடுவோம். அடுத்த வருடமும் அதே கதைதான்.

தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு தம்பி மதுரைத் திருவிழாக்களைப் பற்றித் தளம் நடத்துகிறார். 2025 திருவிழா சமயத்தில் போனில் கூப்பிட்டார். "அண்ணே, இந்த வருசப் பதிவை அவ்வளவு உழைச்சு எழுதிருக்கேன். கூகுள்ல தேடுனா 2024 பதிவுதான் மேல வருது. அதுல ஏப்ரல் 23ன்னு பாத்துட்டு ஒருத்தர் ஊருக்கு வர டிக்கெட்டே போட்டுட்டாராம்" என்றார். 2025இல் அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. கிட்டத்தட்ட மூன்று வார வித்தியாசம்.

இதைத்தான் தேடுபொறி வேலை பார்க்கிறவர்கள் 'கீவேர்ட் கேனிபலைசேஷன்' என்கிறார்கள். ஒரே தளத்தின் இரண்டு பக்கங்கள் ஒரே தேடலுக்குப் போட்டி போட்டு, ஒன்றின் இடத்தை இன்னொன்று தின்றுவிடுவது. பொதுவாக இதற்கு நமக்குக் கிடைக்கும் உதாரணங்கள் செருப்புக் கடை, காப்பீட்டு நிறுவனம் பற்றியவை. சித்திரைத் திருவிழாவை வைத்துப் பார்த்தால் விஷயம் நமக்கு இன்னும் தெளிவாகப் புரியும். எங்கே இரண்டு பதிவை ஒன்றாக்க வேண்டும், எங்கே ஒன்றாக்கவே கூடாது என்ற இரண்டுக்கும் இதில் இடம் இருக்கிறது.

முதலில் கூகுள் ஏன் பழைய பதிவைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்போம். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. பௌர்ணமி ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. 2022இல் ஏப்ரல் 16, 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12 என்று அங்கும் இங்கும் போகும். அதனால் வருடத்துக்கு ஒரு பதிவு என்பது எழுதுகிறவருக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் கூகுளுக்கு அவை நான்கும் ஏறக்குறைய ஒரே பக்கம். அதே கொடியேற்றம், அதே பட்டாபிஷேகம், அதே திக்விஜயம், அதே வாக்கியங்கள். தேடுகிறவர் பெரும்பாலும் வருடத்தைத் தட்டுவதும் இல்லை. 'அழகர் ஆற்றில் இறங்கும் தேதி' என்று மட்டும் தட்டுவார். அப்போது எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று கூகுள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. புதுப் பதிவுக்கு வயது சில வாரம். பழைய பதிவுக்கு வெளித் தளங்கள் சில இணைப்பு கொடுத்திருக்கும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியிருக்கும், நம் தளத்துக்குள்ளேயே பல பதிவுகளிலிருந்து அதற்கு லிங்க் போயிருக்கும். அந்த பலம் எல்லாம் நான்கு முகவரிகளில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

இது நோயா இல்லையா என்பதை உறுதிசெய்துகொண்டுதான் கத்தியை எடுக்க வேண்டும். கூகுளின் சர்ச் கன்சோலில் Performance அறிக்கைக்குப் போய், குறிப்பிட்ட ஒரு தேடலின் மேல் சொடுக்குங்கள். பிறகு Pages என்ற பகுதிக்கு மாறினால், அந்த ஒரு தேடலுக்கு உங்கள் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் காட்டப்பட்டன என்று வரும். 16 மாதத் தரவு அதில் கிடைக்கும் என்பதால் இரண்டு திருவிழாக் காலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள் அல்லவா? அதனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் பார்க்காமல், வடிகட்டியில் Custom (regex) என்பதைத் தேர்ந்தெடுத்து இப்படிக் கொடுத்தால் பல எழுத்துக்கூட்டல்கள் சேர்ந்து மாட்டும்:

```
சித்திரை|[cs]h?ith?t?h?irai|அழகர்|a[zl]h?agar
```

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. பலர் இதில் தடுமாறுகிறார்கள். ஒருவர் தேடும்போது உங்கள் 2024 பதிவும் 2025 பதிவும் ஒரே முடிவுப் பக்கத்தில் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் மொத்தக் கணக்கில் அது ஒரு இம்ப்ரெஷன்தான், ஏனென்றால் அங்கே தளம் மொத்தமும் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. இடத்தையும் மேலே நின்ற பக்கத்தை வைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். பக்கவாரியாகப் பார்க்கும்போது இரண்டுக்கும் தலா ஒன்று விழும். ஆகவே பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து, அது மொத்தத்தைவிட அதிகமாக வருகிறதே என்று பதற வேண்டாம். அந்த வித்தியாசமே, இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் சேர்ந்து தோன்றுகின்றன என்பதற்கு ஒரு தடயம். இன்னொன்று, மிகக் குறைவான பேர் தேடும் சொற்களைத் தனியுரிமை காரணமாகக் கூகுள் மறைத்துவிடும். சிறிய தமிழ்த் தளங்களில் இந்த மறைவு கணிசமாக இருக்கும். கண்ணில் படுவது முழுப் படம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு தேடலுக்கு இரண்டு பக்கம் வருகிறது. உடனே போட்டி என்று முடிவு கட்டலாமா? கூடாது. இரண்டும் முதல் பக்கத்திலேயே மேலும் கீழுமாக நின்று இரண்டுக்கும் ஆள் வருகிறது என்றால் அது லாபம், தொடாதீர்கள். ஒரே தளத்திலிருந்து பொதுவாக இரண்டுக்கு மேல் முடிவுகள் மேல்வரிசையில் வராமல் பார்த்துக்கொள்வதாக 2019 ஜூனில் கூகுள் அறிவித்தது. அந்த இரண்டு இடமும் உங்களுடையது என்றால் எதற்குக் கலைக்க வேண்டும்? உங்கள் தளத்தின் பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்கு நிறையப் பக்கங்கள் வருவதும் இயல்பு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நோய் என்று சொல்ல எனக்கு மூன்று அறிகுறிகள் போதும். ஒன்று, ஊசலாட்டம்: இந்த வாரம் 2024 பதிவு வருகிறது, அடுத்த வாரம் அது மறைந்து 2025 வருகிறது, மறுபடி பழையது வருகிறது, எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண்டு, இரண்டு பக்கங்களும் இரண்டாம் மூன்றாம் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் முடங்கிக் கிடப்பது. மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட மோசம், தவறான பக்கம் நன்றாக வருவது. தம்பியின் தளத்தில் இருந்தது இந்த மூன்றாவது. வரைபடத்தைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, கிளிக் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். வருகிற ஆள் தவறான தேதியைப் படித்துவிட்டுப் போகிறார். கன்சோல் இதைச் சிவப்பாகக் காட்டாது. நாமேதான் எந்தத் தேடலுக்கு எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, சேர்ப்பதா பிரிப்பதா. இதற்குப் பதில் நம் பதிவுகளுக்குள் இல்லை, தேடுகிறவர் மனதில் இருக்கிறது. 'சித்திரைத் திருவிழா' என்ற பெயரே இரண்டு திருவிழாக்களைச் சுமக்கிறது என்பதைக் கவனியுங்கள். மீனாட்சியம்மன் திருக்கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன, அழகர் சித்திரையில் தேனூருக்குப் போய் அங்கே வைகையில் இறங்கினார், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் மதுரையில் இணைத்தார் என்பது நம் ஊரில் வழங்கி வரும் வரலாறு. இணைத்த பிறகும் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடவில்லை. அம்மன் கோயில் தன் முறைப்படி கொடியேற்றி, பட்டம் சூட்டி, கல்யாணம் முடித்துத் தேரை இழுக்கிறது. அழகர் தன் மலையிலிருந்து தனியாகப் புறப்பட்டு வருகிறார். தேனூரின் நினைவாக வண்டியூரில் தேனூர் மண்டபம் இருக்கிறது. மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுப்பது அங்கேதான். ஆகவே 'சித்திரைத் திருவிழா' என்று தட்டுகிறவர்களில் ஒருவர் திருக்கல்யாணம் பார்க்க நினைக்கிறார், இன்னொருவர் அழகரைப் பார்க்க நினைக்கிறார், மூன்றாமவர் பள்ளிக் கட்டுரைக்கு வரலாறு தேடுகிறார்.

இதைச் சோதிக்க நான் நம்பும் வழி ஒன்றுதான். போனில் ஒரு மறைநிலை ஜன்னலைத் திறந்து, சந்தேகப்படும் இரண்டு தேடல்களையும் தனித்தனியாகத் தட்டி, முதல் பத்து முடிவுகளை எழுதி வைத்துக்கொள்வது. 'அழகர் ஆற்றில் இறங்கும் தேதி', 'சித்திரைத் திருவிழா நிகழ்ச்சி நிரல்' இரண்டுக்கும் பெரும்பாலும் அதே தளங்கள் வருகிறதா? அப்படியானால் கூகுள் இரண்டையும் ஒரே தேவையாகப் பார்க்கிறது, உங்களுக்கும் ஒரு பக்கம் போதும். 'கள்ளழகர் வரலாறு' என்று தட்டினால் வேறு தளங்கள், வேறு வகைக் கட்டுரைகள் வருகிறதா? அது தனித் தேவை, தனிப் பக்கம் வேண்டும். பாதிக்குப் பாதி கலந்து வந்தால் கொஞ்சம் காத்திருங்கள். அவசரப்பட்டுச் சேர்ப்பதைவிடப் பிரித்துத் தெளிவாக்குவது மேல், ஏனென்றால் பிரித்ததைப் பிறகு சேர்ப்பது சுலபம். இந்தச் சோதனையைத் திருவிழா வாரத்தில் செய்யாதீர்கள். அப்போது செய்தித் தளங்கள் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு, சாதாரண நாட்களின் நிலையை மறைத்துவிடும்.

தம்பியின் தளத்தை இப்படிப் பிரித்துப் பார்த்தோம். 2022 முதல் 2025 வரை நான்கு நிகழ்ச்சி நிரல் பதிவுகள். அவை ஒரே தேவை, சேர்க்க வேண்டியவை. மண்டூக முனிவர் கதையும் திருமலை நாயக்கர் இணைப்பும் சொல்லும் பதிவு தனித் தேவை. திருக்கல்யாணத்துக்கு டிக்கெட் வாங்குவது எப்படி என்று ஒரு பதிவு, அதுவும் தனி. 2020ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருந்தது. கொரோனாவால் அந்த வருடம் மக்கள் இல்லாமல் மே 4 அன்று திருக்கல்யாணத்தை நேரலையில் காட்டினார்கள். அழகர் ஆற்றுக்கு வரவில்லை. தம்பி அதையும் மற்ற நிரல்களோடு சேர்க்க நினைத்தார். நான் வேண்டாம் என்றேன். அதைத் தேடுகிறவர் அந்த வருடத்தைத்தான் தேடுகிறார். அது ஆவணம், அதற்கு யாரோடும் போட்டி இல்லை. தலைப்பில் வருடம் இருப்பதால் மட்டும் ஒரு பதிவு காலாவதி ஆகிவிடாது.

இப்போது சேர்க்கும் வேலை. முதல் முடிவு, எந்த முகவரியைத் தக்கவைப்பது. பலரும் புதியதை அல்லது நன்றாக எழுதியதைத் தேர்ந்தெடுப்பார்கள். எழுத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். வெளியிலிருந்து வந்த இணைப்புகளை நகர்த்த முடியாது. எனவே அதிக இணைப்பும் அதிக கிளிக்கும் உள்ள முகவரிதான் பொதுவாக மிஞ்ச வேண்டும். ஆனால் அந்த முகவரியிலேயே 2024 என்று இருந்தால்? அடுத்த வருடமும் அதையே வைத்துக்கொண்டு 2026 தேதியைப் போட்டால் படிக்கிறவர் குழம்புவார். இந்த மாதிரி வருடாந்திர விஷயத்துக்கு வருடம் இல்லாத ஒரு முகவரியை உருவாக்கி, நான்கையும் நேராக அதற்குத் திருப்பிவிடுவதுதான் சரி. அப்பாச்சி சர்வரில் `.htaccess` கோப்பில் இவ்வளவுதான்:

```
Redirect 301 /chithirai-thiruvizha-2022/ /chithirai-thiruvizha/
Redirect 301 /chithirai-thiruvizha-2023/ /chithirai-thiruvizha/
Redirect 301 /chithirai-thiruvizha-2024/ /chithirai-thiruvizha/
Redirect 301 /chithirai-thiruvizha-2025/ /chithirai-thiruvizha/
```

301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். ஒவ்வொன்றும் நேராக இறுதி முகவரிக்கே போக வேண்டும். 2022ஐ 2023க்கும், 2023ஐ 2024க்கும் என்று சங்கிலி போட்டால் ஆளுக்கும் தேடுபொறிக்கும் வீண் அலைச்சல். பழைய பக்கங்களை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிற வழக்கமும் உண்டு. அதில் பயன் இல்லை. தேதி தேடி வந்தவருக்கு முகப்பு பதில் ஆகாது என்பதால் கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். திருப்பியதைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுக்கவே வேண்டாம் என்பேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய லிங்க் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும்.

வேறு வழிகளைப் பற்றிக் கேட்பார்கள். பழைய பக்கத்தை வைத்துக்கொண்டே கேனானிகல் குறிப்பு கொடுத்துப் புதியதைச் சுட்டலாமே என்றால், அது ஏறக்குறைய ஒரே உள்ளடக்கம் உள்ள நகல்களுக்கான குறிப்பு. கூகுள் அதை ஆலோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளும், கேட்காமலும் போகலாம். தவிர, தவறான தேதியுள்ள பக்கம் அப்படியே திறந்துகொண்டுதான் இருக்கும். நோஇண்டெக்ஸ் போட்டால் பக்கம் தேடலிலிருந்து விழுந்துவிடும், அது சேர்த்து வைத்த மதிப்பு புதிய பக்கத்துக்கு வராது. வெறுமனே அழித்துவிட்டால் இரண்டுமே போய்விடும்.

முகவரியைத் திருப்புவது சில நிமிட வேலை. நேரம் பிடிப்பது எழுத்தைச் சேர்ப்பதுதான், அங்கேதான் சேர்ப்பு கெட்டுப்போகிறது. ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் கன்சோலில் போய், அதற்கு எந்தத் தேடல்கள் ஆளைக் கொண்டுவந்தன என்று பட்டியல் எடுங்கள். தம்பியின் 2023 பதிவில் தல்லாகுளம் எதிர்சேவையைப் பற்றியும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையை அழகர் அங்கே சூடிக்கொள்வதைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. மற்ற வருடங்களில் அது இல்லை. 'எதிர்சேவை எங்கே நடக்கும்' என்று தேடி வந்தவர்கள் எல்லாம் அந்தப் பத்திக்காக வந்தவர்கள். நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியை விட்டிருந்தால், திருப்பிவிட்ட மறுமாதமே அந்த வாசகர்களை இழந்திருப்பார். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வேறு எதிலும் இல்லாததை மட்டும் பொறுக்கி எடுத்து, புதிய பக்கத்தில் அதற்கென்று ஒரு துணைத் தலைப்பு கொடுக்க வேண்டும். நான்கையும் வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் அது சேர்ப்பு ஆகாது. ஒரே திக்விஜயம் நான்கு முறை வரும்.

புதிய பக்கத்தின் வரிசையைத் தேடலை வைத்தே அமைத்தோம். மேலே இந்த வருடத் தேதிகள். அடுத்து எந்த நிகழ்ச்சி எங்கே, எப்படிப் போவது. அதற்கும் கீழே கடந்த வருடங்களின் தேதிகள் ஒரு சிறு அட்டவணையாக. இந்த அட்டவணை முக்கியம். '2024இல் அழகர் என்றைக்கு இறங்கினார்' என்று தேடுகிறவர் இன்னும் இருக்கிறார். பழைய பதிவின் தேவையைக் கொல்லாமல் ஒரு வரியில் அடக்கிவிடுகிறோம். கோயில் அழைப்பிதழ் வருவதற்கு முன் பௌர்ணமித் தேதியை மட்டும் போட்டு, 'அதிகாரபூர்வ நிரல் இன்னும் வரவில்லை' என்று எழுதிவைத்தால் வாசகர் ஏமாற மாட்டார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது, ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது. வேர்ட்பிரஸ் தளத்தில் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் `%E0%AE%9A` போல ஒன்பது எழுத்தாக மாறும். முகவரிக்கு மொத்த இடம் 200 எழுத்துதான். எழுத்து, புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் இருபத்திரண்டு குறிக்குள் தலைப்பு அறுந்துவிடும். 'மதுரை சித்திரைத் திருவிழா' என்று தொடங்கும் எல்லாப் பதிவுகளும் வருடம் வருவதற்கு முன்பே அறுந்து, ஒரே முகவரியாகி, அடுத்தடுத்ததற்கு -2, -3 என்று வால் முளைக்கும். பிளாக்கரில் இதைவிட மோசம். தமிழ்த் தலைப்பு மட்டும் இருந்தால் முகவரி `blog-post.html` என்றும், அடுத்தது `blog-post_12.html` என்றும் அமைந்துவிடும். எது எந்தப் பதிவு என்று நமக்கே தெரியாது. வெளியிடும் முன் ஆங்கில எழுத்தில் ஒரு சுருக்கமான முகவரியைக் கையால் கொடுத்துவிடுங்கள்.

பிளாக்கரில் பதிவுகளின் முகவரியில் வருடமும் மாதமும் கட்டாயம் இருக்கும், நீக்க முடியாது. ஆனால் 'பக்கம்' என்று தனியாக உருவாக்கினால் `/p/` என்று தொடங்கி வருடம் இல்லாமல் கிடைக்கும். நிரந்தரப் பக்கத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். அமைப்புகளில் `Custom redirects` பகுதியில் பழைய பாதையையும் புதிய பாதையையும் கொடுத்து, `Permanent` என்பதை இயக்கினால் அது 301 ஆகிவிடும். பழைய பதிவை வரைவாக மாற்றிவிட்டு, பழைய முகவரியைத் தட்டிப் பார்த்து, புதிய பக்கம்தான் திறக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரிக்கும் வேலை வேறு மாதிரி. தம்பியின் வரலாற்றுப் பதிவு ஏன் தேதித் தேடலுக்கு வந்தது? அதன் தலைப்பு 'சித்திரைத் திருவிழா: வரலாறும் நிகழ்ச்சிகளும்'. உள்ளே பாதி, அந்த வருட நிரல். நிரல் பதிவுகளிலோ துர்வாசர் சாபம் முதல் கதை முழுவதும். இரண்டும் ஒன்றன் வேலையை ஒன்று செய்துகொண்டிருந்தன. வரலாற்றுப் பதிவிலிருந்து தேதிகளை ஒன்று விடாமல் எடுத்தோம். அந்த இடத்தில் நிரல் பக்கத்துக்கு ஒரே ஒரு இணைப்பு. தலைப்பை 'அழகர் ஏன் வைகையில் இறங்குகிறார்: தேனூரிலிருந்து மதுரை வரை' என்று மாற்றினோம். நிரல் பக்கத்தில் கதையை இரண்டு வரியாகச் சுருக்கி, வரலாற்றுப் பதிவுக்கு இணைப்பு. தலைப்பை மட்டும் மாற்றி உள்ளே தொடாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. கூகுள் உள்ளே இருப்பதையும்தான் படிக்கிறது.

அதைவிட அதிகம் கவனிக்கப்படாதது, தளத்துக்குள் நாமே கொடுக்கும் இணைப்புகளின் சொற்கள். தம்பியின் தளத்தில் மதுரை உணவு, வைகை, கோயில்கள் என்று பல பதிவுகளில் 'சித்திரைத் திருவிழா' என்ற சொல்லுக்கு இணைப்பு இருந்தது. ஒன்று 2022 பதிவுக்குப் போகும், இன்னொன்று வரலாற்றுக்கு, மற்றொன்று 2024க்கு. ஒரே சொல்லை வைத்து மூன்று பக்கங்களைச் சுட்டினால் எது தலைமைப் பக்கம் என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? இப்போது அந்தச் சொல் எங்கே வந்தாலும் நிரந்தர நிரல் பக்கத்துக்கு மட்டும் போகிறது. வரலாற்றுக்குப் போக வேண்டிய இடத்தில் 'அழகர் ஆற்றில் இறங்கும் வரலாறு' என்று சொல்லே வேறு. 'இங்கே கிளிக் செய்யவும்' என்பதை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டோம்.

எழுத்துக்கூட்டலுக்காகத் தனிப் பதிவு போடுகிறவர்களையும் பார்க்கிறேன். கீழடிக்கு keezhadi என்று ஒன்று, keeladi என்று ஒன்று. அவை இரண்டும் ஒரே ஊர், தேடுகிறவருக்கும் ஒரே தேவை, கூகுளும் இதைப் பெரும்பாலும் அறிந்தே வைத்திருக்கிறது. ஒரு பதிவில் இரண்டு கூட்டலும் இயல்பாக ஒவ்வோரிடத்தில் வந்தால் போதும். ஆனால் 2014-15இல் தொடங்கிய அகழாய்வைப் பற்றியும், 2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகத்தைப் பற்றியும் இரண்டு பதிவுகள் இருப்பது சரியே. ஒருவர் படிக்க வருகிறார், ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக வழி கேட்கிறார்.

எல்லாம் செய்துமுடித்த பிறகு சில வாரங்கள் வரைபடம் தடுமாறும். பழைய முகவரி கொஞ்ச நாள் தேடலில் வந்துகொண்டே இருக்கும். கூகுள் மறுபடி வந்து திருப்பத்தைப் பார்க்கும் வரை அப்படித்தான். அதனால்தான் இந்த வேலைக்குப் புரட்டாசி, ஐப்பசிதான் நல்ல காலம் என்பேன். பங்குனியில் தொடங்கினால் தடுமாற்றம் திருவிழா நேரத்தில் வந்து நிற்கும். முன்னே கொடுத்த அதே ரெஜெக்ஸ் வடிகட்டியைப் போட்டு, பழைய பக்கங்கள் எல்லாம் சேர்ந்து வாங்கிய கிளிக்கையும் புதிய பக்கம் வாங்கும் கிளிக்கையும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது சித்திரைக்குச் சித்திரை, அதுவும் பௌர்ணமியைக் கணக்கு வைத்து ஒப்பிட வேண்டும். 2024 ஏப்ரலையும் 2025 ஏப்ரலையும் வைத்துப் பார்த்தால் ஒன்றில் அழகர் இறங்கிவிட்டார், இன்னொன்றில் இன்னும் மலையை விட்டே கிளம்பவில்லை. மொத்தம் குறைந்திருந்தால் எந்தத் தேடல் விழுந்தது என்று பாருங்கள். அனேகமாக ஏதோ ஒரு பழைய பதிவின் ஒரு பத்தி புதிய பக்கத்துக்கு வராமல் விடுபட்டிருக்கும். அதைக் கொண்டுவந்து சேர்த்தால் பெரும்பாலும் மீளும். பழைய எழுத்தின் ஒரு பிரதியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் தளத்திலும் சித்திரைத் திருவிழா, தைப்பூசம், அவனியாபுரம் ஜல்லிக்கட்டு என்று வருடம் தவறாமல் எழுதும் விஷயம் ஏதாவது இருக்கும். அடுத்த முறை அதைப் பற்றி எழுத உட்காரும்போது 'புதிய பதிவு' பொத்தானை அழுத்தாதீர்கள். பழைய பக்கத்தைத் திறந்து தேதியை மாற்றுங்கள், 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று அன்றைய நாளைப் போடுங்கள். வெளியூரிலிருந்து டிக்கெட் போடப் போகிறவர் அந்தத் தேதியை நம்பித்தான் போடுகிறார்.